டிஸ்கிரீட் மேத்ஸ்: 21 நாள், தினம் 3 மணி நேரம்

கேள்வி: சார், நான் பொறியியல் இறுதியாண்டு மாணவி. டிஸ்கிரீட் மேத்ஸ் தாள் ஒன்று மட்டும் எனக்கு இன்னும் பாக்கி. தேர்வுக்கு 21 நாள் இருக்கிறது, புராஜெக்ட் வேலை போக தினம் 3 மணி நேரம்தான் கிடைக்கும். லாஜிக், காம்பினடோரிக்ஸ், கிராஃப், குரூப், லாட்டிஸ் என்று ஐந்து யூனிட். புத்தகத்தில் தீர்த்து வைத்திருக்கும் கணக்கைப் படித்தால் புரிகிறது, மூடிவிட்டு எழுத உட்கார்ந்தால் பாதியில் நின்றுவிடுகிறது. யூனிட் வரிசையிலேயே போகட்டுமா? ஏதாவது ஒரு யூனிட்டை விட்டுவிடலாமா?

பதில்:

யூனிட் வரிசையில் போக வேண்டாம், எந்த யூனிட்டையும் முழுசாக விடவும் வேண்டாம். விடுவதாக இருந்தால் ஒவ்வொரு யூனிட்டுக்கு உள்ளேயும் கொஞ்சம் கொஞ்சம் விடுங்கள், அதை எப்படி முடிவு செய்வது என்று கீழே சொல்கிறேன்.

இந்தப் பாடத்தில் ஐந்து யூனிட்டும் ஒரே மாதிரி கஷ்டம் இல்லை. லாஜிக்கும் குரூப்பும் வரையறைகளால் கஷ்டம். கணக்குப் போடுவது குறைவு, சொற்களைத் துல்லியமாக எழுதுவது அதிகம். ஒரு தடவை படித்து, மறந்து, திரும்ப வந்து, மறுபடி மறந்து, இப்படி மூன்று சுற்று போனால்தான் கையில் நிற்கும். அதனால் இரண்டும் முதல் வாரத்திலேயே வரவேண்டும், பின்னால் திரும்ப வர இடம் இருக்கும். எண்ணும் கணக்குகளும் ரிகரன்ஸ் ரிலேஷனும் பயிற்சியால் வருவது, அது இரண்டாம் வாரம். லாட்டிஸ் சின்ன யூனிட், இரண்டாம் வாரக் கடைசியில் மூன்று நாள் போதும். கிராஃப் தியரியில் படம் போட்டாலே பாதி நினைவுக்கு வந்துவிடும், அதைத் தேர்வுக்கு மிக அருகில் வைத்துக்கொள்ளலாம். நாள் கணக்கில் சொன்னால், முதல் மூன்று நாள் லாஜிக்கும் இண்டக்‌ஷனும், 4 முதல் 7 வரை குரூப், 8 முதல் 11 வரை காம்பினடோரிக்ஸ், 12 முதல் 14 வரை லாட்டிஸ், 15 முதல் 17 வரை கிராஃப். மீதி நான்கு நாளில் புதிதாக எதுவும் இல்லை.

முதல் நாள் புத்தகத்தைத் திறப்பதற்கு முன்னால் ஒரு வேலை. பழைய கேள்வித்தாள் நான்கோ ஐந்தோ எடுத்துக்கொள்ளுங்கள், விடை எழுத வேண்டாம். ஒவ்வொரு கேள்விக்கும் முதல் வரியை எழுதத் தெரியுமா என்று மட்டும் கேட்டு ஒரு டிக், ஒரு அரை டிக், ஒரு பெருக்கல் குறி என்று போட்டுக்கொண்டே போங்கள். முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். உங்கள் 21 நாளும் அரை டிக் போட்ட கேள்விகளுக்குத்தான். பெருக்கல் குறி விழுந்தவற்றில் ஒரே ஒரு தாளில் மட்டும் வந்திருப்பதை யோசிக்காமல் விட்டுவிடலாம், இரண்டு மூன்று தாளில் வந்திருந்தால் விட முடியாது.

சரி, படித்தால் புரிகிறது, எழுதினால் வரவில்லை என்பதற்கு வருவோம். தீர்த்த கணக்கைப் படிக்கும்போது ஒரு வரியிலிருந்து அடுத்த வரி ஏன் வருகிறது என்று சரிபார்க்கத்தான் நீங்கள் பழகியிருக்கிறீர்கள். தேர்வில் அந்த அடுத்த வரியை நீங்களே தேர்ந்தெடுக்க வேண்டும், அது வேறு வேலை. எனவே தீர்வின் மேல் ஒரு காகிதத்தை வைத்து மூடிக்கொள்ளுங்கள். முதல் வரி மட்டும் தெரியட்டும், இரண்டாவது வரியை நீங்கள் எழுதிய பிறகு காகிதத்தை ஒரு வரி கீழே இறக்குங்கள். ஒத்துப்போனால் அடுத்தது. எந்த வரியில் மாட்டுகிறீர்களோ அந்த வரியை மட்டும் ஒரு தனித் தாளில் எழுதி வையுங்கள், கணக்கு முழுவதையும் எழுத வேண்டாம். ஒரு கணக்குக்கு ஒன்று அல்லது இரண்டு வரிக்கு மேல் தேறாது. அந்தத் தாளுக்கு மாட்டுத்தாள் என்று பேர் வைத்துக்கொள்வோம், பின்னால் அடிக்கடி வரும்.

தினசரி 3 மணி நேரத்தில் முதல் 20 நிமிடம் வெற்றுத்தாளில், மூன்று நாளுக்கு முன் படித்த ஒரு வரையறை, ஒரு நிரூபணம், புத்தகம் பார்க்காமல். அப்புறம் 2 மணி நேரம் அன்றைய பகுதி. கடைசி 40 நிமிடம் அன்று போட்டதில் இரண்டு கணக்கு, ஆரம்பத்திலிருந்து முடிவு வரை, மூடிய புத்தகத்தோடு. அந்த 40 நிமிடத்தைத்தான் எல்லோரும் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளுவார்கள். தள்ள வேண்டி வந்தால் 2 மணி நேரத்திலிருந்து வெட்டுங்கள், இதிலிருந்து வேண்டாம்.

லாஜிக். உண்மை அட்டவணையில் நேரம் செலவழிக்க வேண்டாம், அது உங்களுக்கு வரும். நான்கு மாறி இருந்தால் 16 வரிசை, போட்டுக்கொண்டே இருக்கலாம், மார்க் அதில் இல்லை. மார்க் எடுகோள்களிலிருந்து முடிவைப் பெறும் கணக்கில் இருக்கிறது. இதைப் பாருங்கள், எடுகோள்கள் நான்கு, முடிவு D:

```
1. A → B      எடுகோள்
2. C → D      எடுகோள்
3. A ∨ C      எடுகோள்
4. ¬B         எடுகோள்
5. ¬A         1, 4  மோடஸ் டாலன்ஸ்
6. C          3, 5  டிஸ்ஜங்டிவ் சிலாஜிசம்
7. D          2, 6  மோடஸ் பொனன்ஸ்
```

இதில் எங்கே தொடங்குவது என்பதுதான் கேள்வி. அம்புக்குறியோ ∨ குறியோ இல்லாமல் தனியாக நிற்கும் எடுகோள் எது என்று தேடுங்கள், இங்கே ¬B. அதை இன்னொரு எடுகோளோடு மோதவிட்டால் புதிதாக ஒன்று தனியாக வெளியே வரும், அதை வைத்து அடுத்தது. தனியாக நிற்பது ஒன்றுமே இல்லை என்றால் முடிவைப் பாருங்கள். முடிவு X → Y வடிவத்தில் இருந்தால் X-ஐக் கூடுதல் எடுகோளாக எடுத்து Y-யைப் பெறுங்கள். அதுவும் இல்லை என்றால் முடிவின் எதிர்மறையை எடுகோளாக எடுத்து முரண்பாட்டைத் தேடுங்கள். இந்த மூன்றில் எது என்று கேள்வியைப் பார்த்த உடனே சொல்லப் பழகினால் போதும். வலது பக்கம் வரி எண்ணும் விதியின் பெயரும் எழுதாமல் விட்டால் சரியான விடைக்கும் பாதி மார்க் போகும். இன்னொரு தப்பு, A → B தெரியும், B தெரியும், ஆகவே A என்று எழுதுவது. அவசரத்தில் நன்றாகப் படிக்கிறவர்களே எழுதுகிறார்கள், நான் திருத்திய தாள்களில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன்.

பிரெடிகேட் பகுதியில் ஒரே ஒரு விஷயம் மட்டும். 'எல்லா' என்று வந்தால் உள்ளே → போடுங்கள், 'சில' என்று வந்தால் ∧ போடுங்கள். சில மாணவர்கள் இசை கற்றவர்கள் என்பதை ∃x (S(x) → M(x)) என்று எழுதினால் தப்பு, ஏனென்றால் மாணவராகவே இல்லாத ஒருவர் எங்காவது இருந்துவிட்டாலே S(x) பொய்யாகி அந்த முழு வாக்கியமும் உண்மையாகிவிடும். ∃x (S(x) ∧ M(x)) தான் சரி.

இண்டக்‌ஷனில் ஒரு மாலை போதும். வகுபடும் தன்மை சம்பந்தப்பட்ட கணக்கு இரண்டு, கூட்டல் தொடர் இரண்டு. 8^n − 3^n ஐந்தால் வகுபடும் என்பதை எடுத்துக்கொண்டால், k+1 படியில் எதைச் சேர்த்து எதைக் கழிக்கிறோம் என்பதுதான் மாட்டும் வரி:

```
8^(k+1) − 3^(k+1) = 8(8^k − 3^k) + 8·3^k − 3·3^k
                  = 8(8^k − 3^k) + 5·3^k
```

8·3^k-ஐக் கழித்துக் கூட்டிய அந்த ஒரு நகர்வை மாட்டுத்தாளில் எழுதிக்கொண்டால், இந்த வகைக் கணக்கு எல்லாமே அதே அச்சுதான்.

நான்காம் நாள் குரூப். இந்த யூனிட்டைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் அதிகம், ஆனால் கேட்கும் கேள்விகள் எண்ணிக்கையில் குறைவு, அதனால் உழைப்புக்கு மார்க் நன்றாகவே திரும்பி வரும். ஒரு கணக்கை மட்டும் நிதானமாகப் பார்ப்போம். −1 தவிர்த்த விகிதமுறு எண்களின் கணம், செயல்பாடு a * b = a + b + ab. இது குரூப் என்று காட்ட வேண்டும்.

பெரும்பாலோர் என்ன செய்கிறார்கள் என்றால், இரண்டு விகிதமுறு எண்ணைக் கூட்டினாலும் பெருக்கினாலும் விகிதமுறு எண்தான், ஆகவே மூடிய தன்மை உண்டு என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். அது பாதிதான். கணத்திலிருந்து −1-ஐ நீக்கியிருக்கிறார்களே, விடை −1 ஆக வராது என்று யார் காட்டுவது? a + b + ab = −1 என்று வைத்துக்கொண்டால் அது (1+a)(1+b) = 0 ஆகிறது, அப்படியானால் a அல்லது b இரண்டில் ஒன்று −1, ஆனால் இரண்டுமே −1 இல்லை என்றுதான் தொடங்கினோம். முரண்பாடு. இந்த இரண்டு வரிக்காகத்தான் அந்த −1-ஐக் கேள்வியிலேயே நீக்கி வைத்திருக்கிறார்கள்.

இங்கே இன்னொரு சௌகரியம் கிடைத்தது, கவனித்தீர்களா? 1 + (a * b) = (1+a)(1+b). சேர்ப்பு விதியை விரித்துப் பெருக்கி ஏழு உறுப்பு எழுத வேண்டியதில்லை; (a*b)*c, a*(b*c) இரண்டோடும் 1 கூட்டினால் இரண்டுமே (1+a)(1+b)(1+c), முடிந்தது. சமனி 0. a-யின் எதிர்மறை −a/(1+a), இதில் பகுதி பூஜ்யமாகாது என்று ஒரு வரி எழுதுங்கள். அதோடு நிறுத்திவிட வேண்டாம், இந்த எதிர்மறை கணத்துக்குள் இருக்கிறதா என்றும் காட்ட வேண்டும்: −a/(1+a) = −1 என்றால் a = 1 + a, அது நடக்காது. ஆக −1 இரண்டு இடத்தில் ஒளிந்திருக்கிறது, மூடிய தன்மையில் ஒன்று, எதிர்மறையில் ஒன்று. கேள்வியில் ஏதாவது ஒரு எண்ணை நீக்கியிருந்தால் இந்த இரண்டு இடத்திலும் நின்று பாருங்கள்.

குரூப்பில் நிரூபணம் ஒன்றே ஒன்று மனதில் நிற்க வேண்டும் என்றால் அது லக்ராஞ்ச் தேற்றம். அதை ஒரு நீளமான பத்தியாக மனப்பாடம் செய்ய வேண்டாம், மூன்று சின்ன உண்மைகளாக வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கோசெட்டிலும் H-இல் உள்ள அளவே உறுப்புகள். இரண்டு கோசெட் ஒன்று அப்படியே ஒன்றாக இருக்கும், இல்லையென்றால் பொதுவாக ஒன்றும் இருக்காது. எல்லாக் கோசெட்டும் சேர்ந்து G முழுவதையும் நிரப்பும். மூன்றும் எழுதினால் |G| = k·|H| தானாக வரும். இதன் மறுதலை உண்மையா என்று கேட்டால் இல்லை: 12 உறுப்புள்ள A₄ குரூப்பில் 6 உறுப்புள்ள சப்குரூப் கிடையாது. இந்த உதாரணத்தை நிரூபிக்கச் சொல்வது அரிது, பெயர் சொன்னாலே போதும். ரிங், ஃபீல்ட் இரண்டுக்கும் வரையறையும் ஆளுக்கு ஓர் உதாரணமும் மட்டும் வைத்துக்கொண்டு நகர்ந்துவிடுங்கள்.

எட்டாம் நாள் எண்ணும் கணக்கு. புறா பொந்துத் தத்துவத்துக்கு எது புறா, எது பொந்து என்று ஒரு வரி எழுதிவிட்டால் மீதி தானாக வரும், அதில் நிற்க வேண்டாம். இன்க்ளூஷன் எக்ஸ்க்ளூஷனில் ஒரே ஒரு கண்ணி இருக்கிறது. 1 முதல் 500 வரை 4 அல்லது 6 ஆல் வகுபடும் எண்கள் எத்தனை? 4 ஆல் 125, 6 ஆல் 83. இரண்டாலும் வகுபடுவதற்கு 24 ஆல் வகுத்து 20 என்று போட்டால் விடை 188, தப்பு. மீச்சிறு பொது மடங்கு 12, ஆக 41, விடை 125 + 83 − 41 = 167. பயிற்சிக் கணக்குகளில் பெரும்பாலும் 2, 3, 5, 7 என்று பகா எண்களாகவே வருவதால் பெருக்கினாலே சரியாகிவிடும், அந்தப் பழக்கம்தான் இங்கே காலை வாரும். விடையைச் சரிபார்க்கவும் வழி இருக்கிறது: 1 முதல் 12 வரை 4, 6, 8, 12 என்று நான்கு எண்கள், அதாவது மூன்றில் ஒரு பங்கு. 500-இல் மூன்றில் ஒரு பங்கு 167-க்குப் பக்கத்தில்தான் வரவேண்டும். 188 என்று வந்தால் உடனே சந்தேகம் வரும்.

இப்போது ரிகரன்ஸ் ரிலேஷன். இதற்கு இரண்டு முழு நாள் கொடுங்கள், 9-ம் 10-ம். ஒரு பெரிய கேள்வி இதிலிருந்து வரும் வாய்ப்பு அதிகம், அதோடு விடை சரியா என்று ஹாலிலேயே உறுதியாகத் தெரிந்துகொள்ளக்கூடிய அபூர்வமான பகுதி இது. இந்தக் கணக்கை எடுத்துக்கொள்வோம்:

```
a(n) = 5a(n−1) − 6a(n−2) + 3^n,   a(0) = 1, a(1) = 13
```

முதலில் 3^n-ஐ மறந்துவிட்டு சிறப்பியல்புச் சமன்பாடு: r² − 5r + 6 = 0, மூலங்கள் 2, 3. ஆக ஒரு பகுதி α·2^n + β·3^n. அடுத்தது 3^n-க்கான தனித் தீர்வு. பழக்கத்தில் எல்லோரும் A·3^n என்று வைப்பார்கள். வைத்துப் பாருங்கள், 3^(n−2) ஆல் வகுத்தால் இடது பக்கம் 9A − 15A + 6A, அதாவது பூஜ்யம். வலது பக்கம் 9. பூஜ்யம் எப்படி 9 ஆகும்? இந்த இடத்தில்தான் பேனாவை வைத்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போகிறார்கள், அல்லது அதைவிட மோசம், எங்கோ கழித்தல் குறியை மாற்றி ஒரு A-வை வரவழைத்துவிடுகிறார்கள்.

காரணம் எளிது. 3 ஏற்கெனவே மூலமாக இருக்கிறது, அதனால் 3^n எப்படி வைத்தாலும் இடது பக்கத்தில் கரைந்துபோகும். அப்படி இருந்தால் ஒரு n பெருக்கிக்கொள்ள வேண்டும், A·n·3^n. மறுபடி 3^(n−2) ஆல் வகுத்தால்:

```
9An − 15A(n−1) + 6A(n−2) = 9
n உறுப்புகள்: 9A − 15A + 6A = 0
மீதி:        15A − 12A = 3A = 9,   A = 3
```

n உறுப்புகள் கட்டாயம் அடிபட வேண்டும். அடிபடவில்லை என்றால் மேலே எங்கோ பிழை, முன்னே போகாதீர்கள். இனி பொதுத் தீர்வு α·2^n + β·3^n + 3n·3^n. தொடக்க மதிப்புகளைப் போடுவது கடைசியில்தான், தனித் தீர்வைச் சேர்த்த பிறகு. இந்த வரிசையை மாற்றி, 2^n, 3^n பகுதியிலேயே α, β கண்டுபிடித்துவிட்டுப் பிறகு 3n·3^n-ஐ ஒட்டுவது இன்னொரு பிரபலமான தப்பு. α + β = 1, 2α + 3β + 9 = 13; இதிலிருந்து β = 2, α = −1. விடை:

```
a(n) = (3n + 2)·3^n − 2^n
```

சரிபார்ப்பு அரை நிமிட வேலை. கேள்வியிலிருந்து a(2) = 5·13 − 6·1 + 9 = 68. விடையிலிருந்து 8·9 − 4 = 68. ஒத்துப்போகிறது. a(0), a(1) இரண்டையும் மட்டும் போட்டுப் பார்ப்பது சரிபார்ப்பு ஆகாது, அவற்றை வைத்துத்தானே α, β கண்டுபிடித்தோம், தனித் தீர்வு தப்பாக இருந்தாலும் அவை ஒத்துப்போகும். a(2)-தான் உண்மையான சாட்சி.

பத்தாம் நாள் இதே கணக்கை ஜெனரேட்டிங் ஃபங்ஷன் வைத்துப் போடுங்கள், புதுக் கணக்கு வேண்டாம். விடை முன்கூட்டியே தெரிந்திருப்பதால் எங்கே தடுமாறுகிறீர்கள் என்று துல்லியமாகத் தெரியும். தடுமாற்றம் அநேகமாக இந்த வரியில்தான்:

```
G − 1 − 13x = 5x(G − 1) − 6x²G + ( 1/(1−3x) − 1 − 3x )
```

கூட்டல் n = 2-இலிருந்து தொடங்குகிறது, அதனால் ஒவ்வொரு தொடரிலும் முன்னால் உள்ள உறுப்புகளைக் கழிக்க வேண்டும்; இடது பக்கம் ஞாபகமாகக் கழித்துவிட்டு வலது பக்கம் 3^n தொடரில் 1 + 3x கழிக்க மறந்துவிடுவார்கள். கொஞ்சம் கீழே போனால் பகுதியில் (1−2x)(1−3x)² வரும். அந்த வர்க்கம் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள்: 1−5x+6x² ஒரு (1−3x) கொடுக்கிறது, 3^n தொடர் இன்னொன்று கொடுக்கிறது. முந்தின நாள் விதி என்று மனப்பாடமாக எடுத்துக்கொண்ட n·3^n இந்த வர்க்கத்திலிருந்து பிறப்பதுதான். இதைக் கண்ணால் ஒரு தடவை பார்த்தவர்கள் அந்த n-ஐப் பெருக்க மறப்பதில்லை. 11-ஆம் நாள் இரட்டை மூலம் வரும் கணக்கு ஒன்று, வலது பக்கம் n அல்லது n² வரும் கணக்கு ஒன்று, மீதி நேரம் பர்முடேஷன் காம்பினேஷன்.

லாட்டிஸ் மூன்று நாள் என்றேன், அதில் முதல் நாள் ரிலேஷனுக்கு. ஆன்டிசிமெட்ரிக் என்றால் சிமெட்ரிக் இல்லாதது என்று எழுதாதீர்கள், சமம் என்ற ரிலேஷன் இரண்டாகவும் இருக்கிறது. அடுத்த நாள் ஹாஸே படம், 12-இன் வகுத்திகளை வைத்து. கோடுகள் மொத்தம் ஏழு: 1–2, 1–3, 2–4, 2–6, 3–6, 4–12, 6–12. 3-இலிருந்து 12-க்கு எட்டாவதாக ஒரு கோடு போட்டால் தப்பு, 6 வழியாக ஏற்கெனவே போய்விட்டது. இதே படத்தில் 2-க்கு நிரப்பி தேடுங்கள்: 2-ஓடு மீப்பெரு பொது வகுத்தி 1 ஆக இருப்பவை 1, 3 மட்டும், அவற்றோடு மீச்சிறு பொது மடங்கு 2, 6 என்று வருகிறது, 12 வரவே இல்லை. ஆக நிரப்பி கிடையாது, ஆகவே இது பூலியன் ஆல்ஜீப்ரா இல்லை. 30-இன் வகுத்திகளுக்கு எல்லாவற்றுக்கும் நிரப்பி கிடைக்கும், போட்டுப் பாருங்கள். 12-இல் 2 இரண்டு தடவை இருக்கிறது, 30-இல் எந்தப் பகா எண்ணும் இரண்டு தடவை இல்லை, வித்தியாசம் அவ்வளவுதான். மூன்றாம் நாள் டி மார்கன் விதிகளும், டிஸ்ட்ரிபியூட்டிவ் லாட்டிஸில் நிரப்பி ஒன்றுக்கு மேல் இருக்காது என்ற நான்கு வரி நிரூபணமும்.

கிராஃபுக்கு மூன்றே நாள் கொடுத்திருக்கிறேன் என்று கவலைப்பட வேண்டாம். எய்லர், ஹாமில்டன் இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் இருந்தால் பாதி வந்த மாதிரி: எய்லர் எல்லாக் கோடுகளையும் சுற்றுவது, ஹாமில்டன் எல்லாப் புள்ளிகளையும். எய்லர் சர்க்யூட்டுக்கு, கிராஃப் இணைந்திருந்தால், எல்லா டிகிரியும் இரட்டைப்படையா என்று பார்த்தாலே ஆம், இல்லை இரண்டும் சொல்லிவிடலாம். ஹாமில்டனுக்கு அப்படி எளிதான சோதனை கிடையாது. புள்ளிகள் 3-க்குக் குறையாத சிம்பிள் கிராஃபில் ஒவ்வொரு டிகிரியும் n/2-க்குக் குறையாமல் இருந்தால் சைக்கிள் உண்டு என்கிற டிராக் தேற்றம் ஒரு பக்கம்தான் பேசும். ஐங்கோணத்தைப் பாருங்கள், டிகிரி 2, n/2 என்பது 2.5, நிபந்தனை பொருந்தவில்லை, ஆனாலும் அதுவே ஹாமில்டன் சைக்கிள்தான். நிபந்தனை பொருந்தவில்லை, ஆகவே ஹாமில்டன் இல்லை என்று எழுதினால் மார்க் போகும்.

ஐசோமார்ஃபிசத்தில் புள்ளி எண்ணிக்கை, கோடு எண்ணிக்கை, டிகிரி மூன்றும் ஒத்துப்போனதும் ஐசோமார்ஃபிக் என்று முடித்துவிடுவது வழக்கமான தப்பு. ஒரு அறுகோணம் போடுங்கள், பக்கத்தில் இரண்டு தனித்தனி முக்கோணம் போடுங்கள். இரண்டிலும் 6 புள்ளி, 6 கோடு, எல்லா டிகிரியும் 2, ஆனால் ஒன்று இணைந்திருக்கிறது, இன்னொன்று இல்லை. இல்லை என்று சொல்ல ஒரு வித்தியாசம் காட்டினால் போதும், ஆம் என்று சொல்ல எந்தப் புள்ளி எதற்குப் போகிறது என்ற பட்டியலை எழுதி, கோடுகள் கோடுகளுக்கே போகின்றன என்று காட்டியாக வேண்டும். நிரூபணங்களில் டிகிரிகளின் கூட்டுத்தொகை கோடுகளைப் போல் இரு மடங்கு என்பதும், n புள்ளியும் k துண்டும் உள்ள சிம்பிள் கிராஃபில் கோடுகள் (n−k)(n−k+1)/2-ஐத் தாண்டாது என்பதும் கட்டாயம்.

18-ஆம் நாளும் 20-ஆம் நாளும் முழுத் தேர்வு, ஒரே உட்காரலில், கைபேசி வேறு அறையில். 19-ஆம் நாள் முதல் தாளைத் திருத்துவதற்கு மட்டும். திருத்தும்போது மார்க் போடுவதைவிட ஒவ்வொரு பிழைக்கும் பக்கத்தில் ஒரு எழுத்து போடுங்கள்: தெரியவில்லை என்றால் தெ, தெரிந்தும் எழுதாமல் விட்டது என்றால் வி, கணக்குப் பிழை என்றால் க. வி அதிகம் இருந்தால் நல்ல செய்தி, விதிப் பெயர் விட்டது, மூடிய தன்மையை முழுசாகக் காட்டாதது மாதிரி, ஒரு நாளில் சரிசெய்யலாம். க அதிகம் என்றால் a(2) மாதிரியான சரிபார்ப்பை ஒவ்வொரு கணக்கின் கீழும் எழுதும் பழக்கத்தை 20-ஆம் நாள் தாளில் செய்து பாருங்கள். தெ விழுந்த இடங்களில் இந்த நிலையில் இரண்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், நிறைய மார்க் உள்ள இரண்டு.

21-ஆம் நாள் மாட்டுத்தாள் மட்டும். மூன்று வாரத்தில் நான்கைந்து பக்கம் சேர்ந்திருக்கும், அதில் இருப்பது எல்லாம் நீங்கள் தடுமாறிய வரிகள். ஒவ்வொன்றையும் கையால் மூடி, அடுத்த வரியை எழுதிப் பாருங்கள், வந்தால் அடித்துவிடுங்கள். அடிக்காமல் மிஞ்சுகிற வரிகளை ஒரு அரைப் பக்கத்தில் எடுத்து எழுதி, தேர்வன்று காலை அதை மட்டும் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.